முட்டி பெல்ட் ஏன் துரத்துகிறது?

டீச்சர் செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நிமிர்த்தி வைத்தால் அது ஒட்டுக் கேட்குமாம்.

"தம்பி, நானும் தங்கச்சியும் வாட்ஸ்அப்ல முட்டி வலியப் பத்திப் பேசிக்கிட்டோம். மறுநாள் ஃபேஸ்புக்கைத் திறந்தா முட்டி பெல்ட் விளம்பரம். செய்தி படிக்கலாம்னு போனா அங்கயும் அதே பெல்ட், அதே ஊதா கலர். யாரோ நம்ம பேச்சைப் படிக்கிறான். வாட்ஸ்அப்பை அழிச்சிட்டு டெலிகிராமுக்கு மாறச் சொல்றான் அண்ணன் பையன். நீங்க என்ன சொல்றீங்க?"

டீச்சர் முப்பது வருடம் கணக்கு நடத்தியவர். நான் இணையக் கடைகளுக்குப் பக்கம் கட்டிக்கொடுக்கிறவன். அவரைத் துரத்தும் அந்த விளம்பரத்துக்கு வழி போடும் நாலு வரி நிரலை எத்தனையோ கடைகளில் என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன். அதனால் டீயை ஆற்றிக்கொண்டே ஒரு கேள்விதான் கேட்டேன்: "தங்கச்சி லிங்க் எதுவும் அனுப்பினாங்களா?"

அனுப்பியிருந்தார். டீச்சர் அதைத் தொட்டிருக்கிறார். கடையின் பக்கம் குரோமில் திறந்திருக்கிறது. சக்கரம் ஒன்று சுற்றி, "பத்து சதவீதம் தள்ளுபடி, போன் நம்பர் போடுங்க" என்றதும் போட்டிருக்கிறார். விலையைப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறார். இவ்வளவும் ஐந்து நிமிடத்துக்குள்.

"அப்போ உங்க பேச்சை யாரும் படிக்க வேண்டிய அவசியமே இல்ல டீச்சர். எல்லாத்தையும் நீங்க அந்தப் பக்கத்துல சொல்லிட்டீங்க."

மைக் வழியாகக் கேட்கிறார்கள் என்ற சந்தேகம் எல்லாருக்கும் இருப்பதுதான். 2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். சொல்லாமல் மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பும் செயலி ஒன்றும் அவர்களிடம் சிக்கவில்லை. சில செயலிகள் திரையில் நாம் செய்வதைப் படம் பிடித்து வெளியே அனுப்பியது மட்டும் சிக்கியது. நாள் முழுக்கப் பேச்சைக் கேட்டுச் சலித்தெடுப்பது செலவு பிடித்த வேலை. தொட்டதையும் பார்த்ததையும் எண்ணிக்கொள்வது மலிவு, அதில் பிழையும் குறைவு.

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். அதே கடைப் பக்கத்தைத் திறந்து F12 விசையை அழுத்தி, Network என்ற பகுதிக்குப் போய், பக்கத்தை மறுபடி ஏற்றினேன். வரிகள் மளமளவென்று இறங்கின. ஒவ்வொரு வரியும் பிரவுசர் வெளியே அனுப்பிய ஒரு கடிதம் மாதிரி. பெல்ட்டின் படமும் விலையும் கேட்டுக் கடைக்குப் போனவை சில. googletagmanager.com, doubleclick.net என்று கூகுளுக்குப் போனவை சில. நடுவில் ஒன்று இப்படி இருந்தது:

```
www.facebook.com/tr/?id=…&ev=ViewContent&dl=…
```

இதைத்தான் எங்கள் தொழிலில் பிக்சல் என்போம். id என்பது கடைக்கு ஃபேஸ்புக் கொடுத்த எண். ev என்பது நீங்கள் செய்த காரியம். இங்கே, ஒரு பொருளைப் பார்த்தது. கூடையில் போட்டிருந்தால் AddToCart என்று போயிருக்கும். dl என்பது நீங்கள் இருந்த பக்கத்தின் முகவரி, அதாவது முட்டி பெல்ட். கடை திறந்த கணத்திலேயே இந்தத் தகவல் போய்விடுகிறது. நீங்கள் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை.

"சரி, யாரோ ஒருத்தி பெல்ட் பார்த்தான்னு போச்சு. அது நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

நல்ல கேள்வி. அங்கேதான் குக்கி வருகிறது.

கோயில் வாசலில் செருப்பு விடும்போது ஒரு டோக்கன் தருவார்கள் இல்லையா? நம் பேர் செருப்புக் கடைக்காரருக்குத் தெரியாது; 47-ஆம் எண் டோக்கனைக் காட்டினால் 47-ஆம் எண் செருப்பைக் கொடுப்பார். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லி 1994-ல் குக்கியை உருவாக்கியது ஏறக்குறைய இந்த வேலைக்குத்தான். பக்கம் விட்டுப் பக்கம் போனாலும் கடைக்கு உங்கள் கூடை நினைவிருக்க வேண்டும். அதில் ஒரு குற்றமும் இல்லை.

இப்போது ஊரில் உள்ள எல்லாக் கோயில், கடை, ஆஸ்பத்திரி வாசல்களின் செருப்புக் கடையையும் ஒரே ஆள் ஏலம் எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கோயிலில் கொடுத்த அதே டோக்கனை ஒவ்வொரு வாசலிலும் பார்க்கிறார். 47 காலையில் பிள்ளையார் கோயில், மதியம் துணிக்கடை, சாயங்காலம் எலும்பு டாக்டர் என்று குறித்துக்கொண்டே போகிறார். மூன்றாம் தரப்புக் குக்கி என்பது இதுதான். நீங்கள் போனது கடைக்கு. ஆனால் டோக்கனைப் பார்ப்பது கடைக்குள் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர்.

"ஃபேஸ்புக்கை எப்பவாவது குரோம் வழியாத் திறந்திருக்கீங்களா?"

"ரெண்டு மாசம் முன்னாடி ஆப் திறக்கலன்னு அப்படித்தான் போனேன்."

கணக்கிலிருந்து வெளியேறவில்லை. டோக்கனின் மேல் பேர் எழுதிக் கொடுத்த கதை. அதற்குப் பிறகு அந்தக் குரோமில் பிக்சல் உள்ள எந்தக் கடையைத் திறந்தாலும் வந்தது டீச்சர் என்று ஃபேஸ்புக்குக்குத் தெரியும். செய்தித் தளத்தில் வந்த ஊதா பெல்ட்டுக்குக் காரணம் கூகுளின் விளம்பரப் பிரிவு. அந்தச் செய்தித் தளத்திலும் அதே மாதிரி ஒரு டோக்கன்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது பிரவுசர். அதற்குப் பிறகுதான் மெசேஜ் செயலி.

குரோமே இதைத் தடுக்காதா என்று கேட்டார். தடுக்கப் போவதாக 2020 ஜனவரியில் கூகுள் சொன்னது. இரண்டே வருடத்தில் மூன்றாம் தரப்புக் குக்கியை ஒழிப்போம் என்றது. பிறகு தள்ளிப்போட்டது, மறுபடியும் தள்ளிப்போட்டது. 2024-ல் பயனரே முடிவு செய்யட்டும் என்றது. 2025 ஏப்ரலில் அதற்காகத் தனியாகக் கேட்கவும் போவதில்லை என்று முடித்துக்கொண்டது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனம் அந்த டோக்கனைத் தானாகப் பிடுங்கிப் போடும் என்று காத்திருக்க வேண்டாம். ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்தே முழுக்கத் தடுக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் சஃபாரியிலேயே இருக்கலாம்.

டீச்சருடையது ஆண்ட்ராய்டு. அதற்கு நான் இரண்டு பேரைச் சொல்வேன்: ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ். பிரேவ் போட்டவுடனே தடுக்க ஆரம்பிக்கும். எதையும் தொட வேண்டாம். உள்ளே இருக்கும் எஞ்சின் குரோமுடையதே என்பதால் பார்க்கவும் பழகவும் குரோம் மாதிரியே இருக்கும். அதில் வரும் கிரிப்டோ சங்கதிகளைக் கண்டுகொள்ளாமல் விட்டால் போதும். ஃபயர்ஃபாக்ஸை நான் ஒரு படி மேலே வைப்பதற்குக் காரணம், அது குக்கியைக் கையாளும் விதம். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தனி டப்பா வைத்துவிடுகிறது. பிள்ளையார் கோயிலில் கொடுத்த டோக்கன் பிள்ளையார் கோயில் டப்பாவிலேயே கிடக்கும். துணிக்கடை வாசலில் அதே ஆள் கேட்டால் புது டோக்கன்தான் கிடைக்கும். ஏலக்காரரின் நோட்டில் ஒரே ஆள் நூறு ஆளாகச் சிதறிப்போவார். கணினிப் பதிப்பில் 2022-லிருந்து இது இயல்பாகவே இருக்கிறது.

போனில் போட்டுக் காட்டினேன். ஃபயர்ஃபாக்ஸை நிறுவியதும் மெனுவில் Extensions போய் uBlock Origin என்பதைச் சேர்த்தேன். விளம்பரமும் பிக்சலும் கிளம்பும் முன்பே இது வெட்டிவிடும். ஆண்ட்ராய்டு குரோமில் இந்த மாதிரித் துணைநிரல் எதையும் சேர்க்க முடியாது. கணினிக் குரோமிலும் விதி மாறிய பிறகு uBlock Origin-க்கு இடமில்லை, அதன் இளைத்த வடிவம்தான் ஓடும்.

அடுத்த படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். போனின் Settings-ல் Apps, அதற்குள் Default apps, அதற்குள் Browser app. அங்கே ஃபயர்ஃபாக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் தங்கச்சி அனுப்பும் லிங்க் மறுபடி குரோமில்தான் திறக்கும். புது பிரவுசர் பூஜை அறைப் பாத்திரம் மாதிரி பளபளவென்று சும்மா இருக்கும். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் இன்னொரு சிக்கல். அவற்றுக்குள் லிங்க்கைத் தொட்டால் அந்தச் செயலியே தன் வயிற்றுக்குள் ஒரு பிரவுசரைத் திறக்கும். உங்கள் ஃபயர்ஃபாக்ஸுக்கு அங்கே வேலையே இல்லை. மூலையில் மூன்று புள்ளியைத் தொட்டு, வெளி பிரவுசரில் திற என்று சொல்ல வேண்டும்.

"இந்தப் பக்கமெல்லாம் சரியா வருமா?" என்றார் டீச்சர், மின்கட்டணத்தை நினைத்துக்கொண்டு.

பெரும்பாலும் வரும். எப்போதாவது பணம் கட்டும் பக்கம் வெள்ளையாக நிற்கும், அல்லது OTP பெட்டி வராது. அப்போது முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் கேடயப் படத்தைத் தொட்டு, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை நிறுத்தலாம். அப்போதும் நகரவில்லையென்றால் மெனுவில் uBlock Origin-ஐத் தொட்டு, அதையும் அந்தத் தளத்துக்கு மட்டும் அணைக்க வேண்டும். இரண்டையும் அணைத்து மறுபடி ஏற்றினால் வந்துவிட்டதா, காரணம் இதுதான். வரவில்லையா, கோளாறு தளத்திலேயே. இரண்டு நொடியில் தெரிந்துவிடும்.

இன்காக்னிட்டோ போதாதா என்ற கேள்வி எப்போதும் வரும். அது உங்கள் போனில் வரலாறு பதியாமல் பார்த்துக்கொள்ளும், மூடியதும் குக்கியைக் கொட்டிவிடும். பேத்தி போனை எடுத்தால் தெரியாது. கடைக்குத் தெரியும். அதிலேயே உங்கள் கணக்கில் நுழைந்துவிட்டால் ஃபேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் தெரியும்.

டீயில் ஆடை படர்ந்துவிட்டது. டீச்சர் அதை விரலால் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, "இத முன்னாடியே செஞ்சிருந்தா பெல்ட் வந்திருக்காது" என்றார்.

வந்திருக்கும். அதுதான் வருத்தமான பகுதி. தள்ளுபடிச் சக்கரத்தில் போன் நம்பர் போட்டார் அல்லவா?

கடைக்காரர் தன்னிடம் சேர்ந்த எண்களையெல்லாம் ஒரு பட்டியலாக்கி ஃபேஸ்புக்கில் ஏற்றலாம். இவர்களுக்கு மட்டும் என் விளம்பரத்தைக் காட்டு என்று சொல்லலாம். எண்ணை அப்படியே கொடுப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டு, புரியாத நீண்ட எழுத்து வரிசையாக மாற்றித்தான் அனுப்புவார்கள். விடையிலிருந்து எண்ணுக்கு நேராகத் திரும்பிப் போக முடியாது. ஆனால் ஒரே எண்ணுக்கு யார் போட்டாலும் ஒரே விடைதான்.

கணக்கு டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ ஃபேஸ்புக்கும் தன்கிட்ட இருக்கிற எண்ணுக்கெல்லாம் அதே கணக்கைப் போட்டு வெச்சிருக்கும். ரெண்டு விடையும் ஒத்துப்போனா ஆள் கிடைச்சாச்சு. எண்ணைக் காட்டவே வேணாம்."

"அதேதான்."

கொஞ்சம் யோசித்தார். "பத்து இலக்கம்தானே தம்பி? கம்ப்யூட்டர் எல்லா எண்ணுக்கும் போட்டுப் பார்த்து ஒரு வாய்ப்பாடு எழுதி வெச்சுக்கிட்டா, விடையிலிருந்து எண்ணையே கண்டுபிடிச்சிடலாமே?"

கண்டுபிடிக்கலாம். எங்கள் தொழிலில் "மறைத்துத்தான் அனுப்புகிறோம்" என்று தைரியமாகச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியைத் தங்களையே கேட்டுக்கொண்டதில்லை.

இந்த வழியை எந்த பிரவுசரும் அடைக்க முடியாது. நம்பர் கொடுக்காமல் இருப்பதுதான் அடைப்பு. ஏற்கெனவே போனதை ஓரளவு பிரித்துவிடலாம். ஃபேஸ்புக்கின் Accounts Center-ல் "Your activity off Meta technologies" என்று ஒரு பக்கம் இருக்கிறது. திறந்தோம். டீச்சர் போன கடைகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. பெல்ட் கடை அதில் இருந்தது. மருந்து வாங்கிய செயலியும் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவர் முகம் மாறியது. பழையதை அழித்து, இனி வருவதைத் தன் கணக்கோடு இணைக்க வேண்டாம் என்றும் தேர்ந்தெடுத்தார். தகவல் வருவதை இது நிறுத்தாது. வந்தது டீச்சரின் பேரில் சேர்வதைத்தான் நிறுத்தும்.

போனில் இன்னொரு டோக்கன் இருக்கிறது. பிரவுசரில் குக்கி எப்படியோ, செயலிகளுக்குள் விளம்பர ஐடி அப்படி. மருந்துச் செயலியும் விளையாட்டுச் செயலியும் ஒரே ஐடியைத்தான் படிக்கின்றன. Settings-ல் Google, அதில் Ads, அதில் Delete advertising ID. சில போன்களில் Privacy என்பதற்குள் இருக்கும். அழித்த பிறகு கேட்கும் செயலிக்கு வெறும் சுழியங்கள் போகும். ஒரு நிமிட வேலை. இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பலன் இந்தப் பட்டியலிலேயே வேறு எதற்கும் கிடையாது.

"இப்ப வாட்ஸ்அப்புக்கு வாங்க. அழிக்கவா, வேணாமா?"

வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலிலிருந்து பேச்சு முழுக்கப் பூட்டித்தான் போகிறது. டீச்சர் போனில் பூட்டினால் தங்கச்சி போனில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் நிறுவனத்திடம் சாவி இல்லை. பூட்டுக்குள் இல்லாதவை வேறு: யாரோடு பேசுகிறீர்கள், எப்போது, எவ்வளவு அடிக்கடி, எந்தப் போனிலிருந்து. இவை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் வீட்டுக்குள் இருக்கின்றன. 2021-ல் வாட்ஸ்அப் கொள்கையை மாற்றி, ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்றது நினைவிருக்கும். அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும் என்றேன். ஒன்று, கடைகளோடு பேசுவது. தங்கச்சியிடம் முட்டி வலி என்றால் அது தங்கச்சியோடு நிற்கும். கடையின் கணக்கில் முட்டி வலி என்று எழுதினால் அதை வாசிப்பது ஒரு நிறுவனம். அது அந்தத் தகவலைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம். இரண்டு, 2025-ல் வாட்ஸ்அப்பின் Updates பகுதிக்கு விளம்பரம் வருவதாக அறிவித்தார்கள். வாட்ஸ்அப்பை Accounts Center-ல் சேர்த்தால் ஃபேஸ்புக்கில் உள்ள விளம்பர விருப்பமும் அங்கே வந்து சேரும். சேர்க்காமல் இருப்பதுதான் இயல்பான நிலை. கேட்டால் வேண்டாம் என்று சொன்னால் போதும்.

டெலிகிராம் விஷயத்தில் அண்ணன் பையன் சொன்னது தலைகீழ். அதில் சாதாரணப் பேச்சுக்கு இந்தப் பூட்டே இல்லை. சாவி நிறுவனத்திடமே இருக்கிறது. Secret Chat என்று தனியாகத் தொடங்கினால்தான் இரண்டு முனைப் பூட்டு. குழுவுக்கு அதுவும் கிடையாது.

மாறுவதானால் சிக்னலுக்கு மாறலாம். வாட்ஸ்அப்பின் பூட்டே சிக்னல்காரர்கள் செய்ததுதான். லாபம் பார்க்காத அறக்கட்டளை நடத்துகிறது, விளம்பரம் கிடையாது. 2016-ல் அமெரிக்க நடுவர் குழு ஒன்று ஒரு பயனரைப் பற்றி எல்லாவற்றையும் கொடு என்றபோது, அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே தேதிகள்: கணக்குத் தொடங்கிய நாள், கடைசியாக வந்துபோன நாள். மற்றதை அவர்கள் சேர்த்தே வைக்கவில்லை. சேர நம் போன் நம்பர் வேண்டும். 2024-லிருந்து அந்த நம்பரை மற்றவர்களுக்குக் காட்டாமல் பயனர்பெயரை மட்டும் கொடுக்கலாம்.

"ஆனா டீச்சர், சிக்னல்ல வந்த லிங்க்கையும் குரோம்ல திறந்து நம்பரைப் போட்டா ஊதா பெல்ட் வரத்தான் செய்யும்."

சிரித்தார். தங்கச்சியோடு உடம்புச் சமாச்சாரம் பேச மட்டும் சிக்னல், தெரு சங்கக் குழுவுக்கு வாட்ஸ்அப் என்று அவரே முடிவு செய்தார். போனை எடுத்தபோது திரை மேலே பார்த்திருந்தது.

பத்து நாள் கழித்து வந்தார். "விளம்பரம் நிக்கலயே தம்பி. ஆனா இப்ப டிராக்டர் லோன் வருது."

நிற்காது. விளம்பர இடம் காலியாக இருக்காது, யாராவது வந்து உட்காருவார்கள். திருச்சியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் கணக்கு டீச்சருக்கு டிராக்டர் காட்டுகிறார்கள் என்றால், அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. வேலை நடக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

பெல்ட்டைப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மெடிக்கலில் வாங்கிவிட்டாராம். பில் போடும் பையன் போன் நம்பர் கேட்டிருக்கிறான்.

"எதுக்குப்பா?"

"பில் வாட்ஸ்அப்ல வரும் டீச்சர்."

"பேப்பர்ல குடு. கடைக்கு நான்தான் வருவேன், கடை என் பின்னாடி வர வேணாம்."